இரண்டாவது பெட்டியில் என்ன எழுதுவது?

ராஸ்பெரி பை என்ற சிறு பலகைக் கணினி ஒன்றில் பை-ஹோல் மென்பொருளை நிறுவி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான விளம்பரத் தடுப்பானாக அதை மாற்றிவிட்டேன் என்று நான் அறிவித்த மாலையிலேயே, தம்பி தன் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, இதோ பாரு, அதே விளம்பரம் வருதே" என்றான். என் மடிக்கணினியில் அதே செய்தித்தளம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. அவன் கைப்பேசியிலோ பக்கத்தின் மேலும் கீழும் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தைப் புதுப்பித்தபோது அவை மறைந்தன, மறுபடி புதுப்பித்தபோது திரும்பி வந்தன. நிறுவும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்திருந்தது. இந்த "சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை" என்பதன் காரணத்தைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆகவே நிறுவுவதைப் பற்றிச் சுருக்கமாகவும், கசிவைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

பை-ஹோல் செய்வது ஒரே ஒரு காரியம்தான். ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போது, உலாவி அந்தப் பக்கத்தின் முகவரியோடு நிற்பதில்லை, படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள், கண்காணிப்பு நிரல்கள் என்று பல பெயர்களுக்கும் "இந்தப் பெயரின் ஐபி முகவரி என்ன?" என்று டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கிறது. அந்தக் கேள்விகள் பை-ஹோலிடம் வந்தால், அது தன் பட்டியலைப் பார்த்து, விளம்பரப் பெயராக இருந்தால் `0.0.0.0` என்ற எங்கும் போய்ச் சேராத முகவரியைப் பதிலாகத் தருகிறது. மற்றவற்றை வெளியே உள்ள டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்டு, வந்த பதிலை அப்படியே கொடுத்துவிடுகிறது. விளம்பரத்தின் தரவு அதன் வழியாகப் போவதும் இல்லை, அதை அது வடிகட்டுவதும் இல்லை. கேள்வி அதனிடம் வராவிட்டால், அதற்கு அந்தக் கருவி இருப்பதே தெரியாது. பின்னால் சொல்லப்போகும் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இதுவே.

இந்த வேலைக்குப் புதிய, வேகமான பலகை தேவையில்லை. என்னிடம் இருந்தது 2016-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 3; அதன் 1 ஜிபி நினைவகத்தில் பெரும்பகுதி சும்மாவே கிடக்கிறது. ரவுட்டரோடு வயர் மூலம் இணைத்தேன். வைஃபையிலும் ஓடும் என்றாலும், வீட்டின் ஒவ்வொரு கேள்வியும் வந்து போகும் இடத்தை அலைவரிசை நெரிசலில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் மேசைத்திரை இல்லாத வடிவத்தை அதன் நினைவக அட்டையில் எழுதி, ரவுட்டரின் அமைப்பில் பலகைக்கு `192.168.1.10` என்ற முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டு, பின்வரும் கட்டளையை ஓட்டினேன்.

```
curl -sSL https://install.pi-hole.net | bash
```

நிறுவி கேட்கும் கேள்விகளில் முக்கியமானது வெளியே எந்த டிஎன்எஸ் சேவையைக் கேட்க வேண்டும் என்பது. மற்றவற்றுக்கு அது முன்வைக்கும் விடையையே ஏற்கலாம். முடிந்ததும் `http://pi.hole/admin` என்ற பக்கத்தில் கட்டுப்பாட்டுத் திரை திறக்கும். எஞ்சியிருப்பது, வீட்டுக் கருவிகள் தம் கேள்விகளை இந்தப் பலகையிடம் கேட்கும்படி செய்வது. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் டிஎச்சிபி வழியாக ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கும்போதே, "டிஎன்எஸ் கேட்க இவரிடம் போ" என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் பலகையின் முகவரியை எழுதினால் போதும். ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவிகள் பழைய முகவரியையே வைத்துக்கொண்டிருக்கும் என்பதால், ஒவ்வொன்றிலும் வைஃபையை ஒருமுறை அணைத்து மீண்டும் இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவோர் பலர். நானும் முதல் அரைமணி நேரம் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

ரவுட்டரின் அந்தப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் `192.168.1.10` என்று எழுதினேன். இரண்டாவது பெட்டியைக் காலியாக விட மனம் வரவில்லை. பலகை என்றாவது நின்றுபோனால் வீட்டுக்கு இணையம் இல்லாமல் போகுமே என்று, கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான `8.8.8.8`-ஐ அதில் எழுதினேன். முதலாவது பதில் சொல்லாவிட்டால் மட்டும் இரண்டாவதைக் கேட்பார்கள், அது வண்டியில் கிடக்கும் ஸ்டெப்னி போன்றது என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு.

டிஎச்சிபி கொடுப்பது ஒரு பட்டியல் மட்டுமே. அதில் யார் முதன்மை, யார் மாற்று என்பதைக் கட்டாயப்படுத்த வழியில்லை. பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வோர் இயங்குதளமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் வரிசைப்படி கேட்கும். முதலாவது 5 விநாடி வாய் திறக்காவிட்டால்தான் அடுத்ததற்குப் போகும். என் மடிக்கணினி லினக்ஸ் என்பதால் அதில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. தம்பியின் கைப்பேசியோ இரண்டையும் சமமாகப் பாவித்து, ஒரு முறை இங்கும் ஒரு முறை அங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பை-ஹோலிடம் கேட்டபோது விளம்பரம் மறைந்தது, கூகுளிடம் கேட்டபோது திரும்பி வந்தது. கட்டுப்பாட்டுத் திரையில் கருவிவாரியாகக் கேள்விகளின் எண்ணிக்கை தெரியும். நாள் முழுக்கக் கையில் இருக்கும் அந்தக் கைப்பேசி, என் மடிக்கணினியைவிட மிகக் குறைவாகக் கேட்டிருப்பதை அங்கே பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது.

அப்படியானால் இரண்டாவது பெட்டியில் என்ன எழுதுவது? ஒன்றும் எழுதக் கூடாது. காலியாக விட்டால் சில ரவுட்டர்கள் ஏற்காது. அங்கே முதல் முகவரியையே திரும்ப எழுதலாம். சில ரவுட்டர்கள் காலியாக இருக்கும் இடத்தில் தம் முகவரியைத் தாமே நுழைத்துவிடும். அவற்றிலும், டிஎன்எஸ் பெட்டியையே பூட்டிவைத்திருக்கும் ரவுட்டர்களிலும், ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, பை-ஹோலிலேயே இருக்கும் டிஎச்சிபி சேவையை இயக்குவதுதான் வழி. அப்போது பலகையின் முகவரியை ரவுட்டர் ஒதுக்க முடியாது. பலகையிலேயே நிலையாக எழுதிவைக்க வேண்டும். உண்மையிலேயே மாற்று வேண்டுமென்றால் ஒரே வழி, இன்னொரு பலகையில் இன்னொரு பை-ஹோலை நிறுவி அதன் முகவரியை எழுதுவது.

இரண்டாவது பெட்டியைச் சரிசெய்த பிறகும் கசிவு முழுவதும் நிற்கவில்லை. இம்முறை விண்டோஸ் கணினி ஒன்றில் சோதித்தேன்.

```
nslookup ad.doubleclick.net

Server:  UnKnown
Address:  fe80::1
```

இதில் பார்க்க வேண்டியது பெயருக்குக் கிடைத்த பதிலை அன்று. பதில் சொன்னவர் யார் என்பதை. நான் எதிர்பார்த்தது `192.168.1.10`. வந்திருப்பதோ ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி, அதுவும் ரவுட்டருடையது. அதே கேள்வியைப் பலகையிடம் நேராகக் கேட்டால், அதாவது `nslookup ad.doubleclick.net 192.168.1.10` என்று எழுதினால், `0.0.0.0` என்ற பதில் ஒழுங்காக வந்தது. ஆக பை-ஹோல் தன் வேலையைச் செய்கிறது, அதனிடம் யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து ஓட்டுவதைவிடச் சுருக்கமான சோதனையை நான் இதுவரை கண்டதில்லை.

காரணம் இதுதான்: வீட்டு இணைப்பில் ஐபிவி6 இருந்தால், ரவுட்டர் டிஎச்சிபியைத் தவிர வேறொரு வழியாகவும் டிஎன்எஸ் முகவரியை அறிவிக்கிறது. அவ்வப்போது வலையமைப்பு முழுவதற்கும் அது அனுப்பும் ஐபிவி6 அறிவிப்பிலேயே, "டிஎன்எஸ் கேட்க என்னிடம் வாருங்கள்" என்ற வரியும் இருக்கிறது. டிஎச்சிபி பக்கத்தில் நாம் எழுதியது இந்த அறிவிப்பைத் தொடுவதே இல்லை. விண்டோஸ் போன்ற கருவிகள் இரண்டு பட்டியல்களும் கிடைத்தால் ஐபிவி6 வழியாக வந்ததைப் பெரும்பாலும் முதலில் நாடும்.

இந்த இடத்தில் ஐபிவி6-ஐயே மொத்தமாக அணைத்துவிடலாம் என்று தோன்றும். தேவையில்லை. ஐபிவி4 முகவரியில் இருக்கும் டிஎன்எஸ் சேவையகத்திடமே ஐபிவி6 முகவரிகளையும் கேட்டு வாங்கலாம். கேள்வி எந்த வழியில் போகிறது என்பதற்கும் கேட்கப்படுவது எது என்பதற்கும் தொடர்பில்லை. ஆகவே ரவுட்டரின் ஐபிவி6 பக்கத்தில் டிஎன்எஸ் அறிவிப்பை மட்டும் நிறுத்தினால் போதும். அந்தத் தேர்வு இல்லாத ரவுட்டரில், அறிவிப்பில் பலகையின் `fe80` என்று தொடங்கும் உள்முகவரியை எழுதலாம். வெளியுலகுக்குத் தெரியும் நீண்ட ஐபிவி6 முகவரியை எழுதக் கூடாது; இணைய நிறுவனம் முன்னொட்டை மாற்றும் நாளில் அது பயனற்றுப்போகும். என் ரவுட்டரில் முதல் தேர்வு இருந்தது. ஒரு குறியை எடுத்ததும் தம்பியின் கைப்பேசியும் அடங்கியது.

எஞ்சிய கசிவுகள் கருவிகள் தாமே முடிவெடுப்பதால் வருபவை. ஆண்ட்ராய்டு 9 முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. அது தானியங்கி நிலையில் இருந்தால் தொல்லையில்லை: நாம் கொடுத்த சேவையகத்திடமே மறைகுறியாக்கிப் பேச முயன்று, முடியாவிட்டால் வழக்கமான முறைக்கு இறங்கிவிடும். ஆனால் யாராவது அதில் ஒரு சேவையின் பெயரை எழுதிவைத்திருந்தால், அந்தக் கைப்பேசி பை-ஹோலைத் திரும்பியும் பாராது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் டிஎன்எஸ் கேள்விகளை எச்டிடிபிஎஸ்-க்குள் பொதிந்து வெளியே அனுப்பக்கூடியது. எனினும் அது தானாக அப்படிச் செய்யும் முன் `use-application-dns.net` என்ற பெயரைக் கேட்டுப்பார்க்கும். அப்படியொரு பெயரே இல்லை என்று பை-ஹோல் பதில் சொல்ல, உலாவி விலகிக்கொள்ளும். பயனரே கைப்பட அதை இயக்கியிருந்தால் இந்த நாகரிகம் செல்லாது.

தொலைக்காட்சிப் பெட்டிகளில் சில, நாம் என்ன சொன்னாலும் தம்முள் எழுதிவைத்த டிஎன்எஸ் முகவரியையே கேட்கும். கட்டுப்பாட்டுத் திரையில் அந்தப் பெட்டியின் பெயரே தென்படாவிட்டால் அதுதான் அறிகுறி. டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகப் போகும் 53-ஆம் எண் துறை வழியாக வெளியேறும் எதையும் பலகைக்குத் திருப்பிவிடும் வசதி உள்ள ரவுட்டர் இருந்தால் அதைப் பிடிக்கலாம். எச்டிடிபிஎஸ்-க்குள் பொதிந்து போவதை அந்த விதியும் பிடிக்காது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: யூடியூப் விளம்பரங்களைப் பை-ஹோலால் நிறுத்த முடியாது. காணொளியும் விளம்பரமும் ஒரே பெயர்களின் கீழிருந்து வருவதால், பெயரை மட்டும் பார்க்கும் ஒன்றுக்கு இரண்டும் ஒன்றே. அதற்கான பட்டியல் என்று இணையத்தில் கிடைப்பவற்றைச் சேர்த்தால், காணொளியும் சேர்ந்து நின்றுபோகும்.

பட்டியல்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. நிறுவும்போது பை-ஹோல் முன்வைக்கும் ஒரே பட்டியலோடு நான் நிறுத்திக்கொண்டேன். தொடக்கத்தில் ஆசையில் ஏழெட்டுப் பட்டியல்களைச் சேர்த்தேன். தடுத்த பெயர்களின் எண்ணிக்கை மளமளவென்று உயர்ந்ததைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டே நாளில் அம்மாவின் கைப்பேசியில் ஒரு செயலி உள்ளே நுழைய மறுத்தது. அம்மா அதைத் திறக்கும்போது பலகையில் `pihole -t` என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்தால், தடுக்கப்படும் பெயர் அந்த நொடியிலேயே திரையில் ஓடும். அதை `pihole allow` கட்டளையால் அனுமதித்ததும் செயலி திறந்தது; தடைப் பதில்களை 2 விநாடிக்கு மேல் நினைவில் வைக்க வேண்டாம் என்றே பை-ஹோல் சொல்வதால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்குத்தான் இந்தக் கட்டளை தெரியும், அம்மாவுக்கு "போன் கெட்டுப்போச்சு" என்பது மட்டும்தான் தெரியும். மறுநாளே கூடுதல் பட்டியல்களை நீக்கிவிட்டேன்.

இவ்வளவும் ஒழுங்காகி, வீட்டின் எல்லாக் கேள்விகளும் அந்தச் சிறு பலகையிடம் மட்டுமே போய்ச்சேர்ந்த பிறகு, அடுத்த சிக்கல் அதனாலேயே வந்தது. ஒன்பது நாள் வெளியூர் சென்றபோது வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து மின்சாரத்தைப் போட்டால், வைஃபை நிரம்பக் காட்டியது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. பலகையின் விளக்குகள் எரிந்தன. மடிக்கணினியிலிருந்து `ping 1.1.1.1` என்று கேட்டால் பதில் வந்தது, ஆகவே இணைய இணைப்பில் குறையில்லை. பை-ஹோலின் கேள்விப் பதிவேட்டைத் திறந்தால் வரிக்கு வரி `BOGUS` என்று இருந்தது.

அந்தச் சொல் வருவது, ஒரு பதில் உண்மையானதா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சோதனையில் அது தோற்கும்போது. அமைப்புகளில் அந்தச் சோதனையை நான் இயக்கிவைத்திருந்தேன். அதன்படி ஒவ்வொரு பதிலோடும் வரும் எண்மக் கையொப்பத்துக்கு, இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை செல்லும் என்ற வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்ப்பதிவுகளின் கையொப்பங்கள் ஏறத்தாழ இரண்டு வாரமே செல்லும், அதற்குள் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பலகையில் `date` என்று எழுதிப் பார்த்தேன். நாங்கள் கிளம்பிய நாளின் காலையைக் காட்டியது. என் ராஸ்பெரி பை 3-இல் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகக் கோப்பில் பதித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஒன்பது நாள் பின்தங்கிய கடிகாரத்துக்கு இன்றைய கையொப்பங்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஆகவே எல்லாமே போலி.

சரி, இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளட்டுமே என்றால், நேரம் சொல்லும் சேவையகத்தை அது பெயர் சொல்லித்தான் தேடுகிறது. அந்தப் பெயரின் முகவரியைத் தன்னிடமே கேட்கிறது. பதிலைச் சோதித்து, போலி என்று தள்ளுகிறது. நேரம் சரியானால்தான் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். பலகை ஒன்பது நிமிடமோ ஒன்பது மணி நேரமோ அணைந்திருந்தபோதெல்லாம் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அவ்வளவு சிறிய பின்தங்கலில் பெரும்பாலான கையொப்பங்கள் செல்லுபடியாகும் என்பதே.

அன்றைக்கு `sudo date -s` கட்டளையால் நேரத்தைக் கையால் எழுதினேன். உடனே வீடு முழுவதும் இணையம் திரும்பியது. நிலையான தீர்வு, நேரம் சொல்பவரைப் பெயரால் அல்லாமல் எண் முகவரியால் அழைப்பது. `/etc/systemd/timesyncd.conf` கோப்பில் இப்படி எழுதினேன்:

```
[Time]
NTP=162.159.200.1
```

இது கிளவுட்ஃபிளேர் நடத்தும் நேரச் சேவையின் முகவரி. சில ரவுட்டர்கள் தாமே நேரம் சொல்லும். அப்படியானால் ரவுட்டரின் முகவரியை எழுதுவது இன்னும் நல்லது, அது மாறுவதில்லை. பலகையை மீண்டும் தொடங்கி, `timedatectl` கட்டளையில் `System clock synchronized: yes` என்ற வரியைப் பார்த்த பிறகு, வேண்டுமென்றே கடிகாரத்தை இரண்டு வாரம் பின்னுக்குத் தள்ளி மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் தானே எழுந்து சரியாகிவிட்டது. 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் கடிகாரம் பலகையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கான சிறு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்தாவிட்டால், மின்சாரம் போனதும் அதுவும் நேரத்தை மறந்துவிடும்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பை-ஹோல் கேள்விகளின் வரலாற்றை நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையில் எழுதுகிறது; மலிவான அட்டை ஒன்று எனக்குப் பதினான்கு மாதத்தில் எழுத மறுத்தது. இப்போது தேய்மானம் தாங்கும் வகை அட்டையைப் போட்டிருக்கிறேன். அமைப்புகளின் நகலைக் கட்டுப்பாட்டுத் திரையின் டெலிபோர்ட்டர் பக்கத்தில் பதிவிறக்கி வேறிடத்தில் வைத்திருப்பதால், புது அட்டையில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற அரைமணி நேரமே ஆகும்.

அந்த அரைமணி நேரத்துக்கு நான் வீட்டில் இருக்க வேண்டுமே என்பதற்காக, ரவுட்டரின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். முதல் வரி: "சிறிய பெட்டியின் வயரைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி செருகவும், இரண்டு நிமிடம் காத்திருக்கவும்." இரண்டாவது வரி, ரவுட்டரின் டிஎன்எஸ் பெட்டியில் `192.168.1.10` என்று இருப்பதை `192.168.1.1` என்று மாற்றிவிட்டு, எல்லோரும் வைஃபையை அணைத்துப் போடவும் என்பது. இரண்டாவது வரி வரை இதுவரை ஒரு முறைதான் போக வேண்டியிருந்தது. அட்டை செத்த அன்று, அம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்காமலேயே அதைச் செய்து முடித்து, மாலையில் நான் வந்ததும், "விளம்பரம் திரும்ப வந்துடுச்சு, உன் பெட்டியைச் சரி பண்ணு" என்றார்.